பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் வீடுகளில் டிவி மாட்டிக் கொடுப்பது என் தொழில். சுவரில் டிவி ஏறியதும் பாதி வீடுகளில் வரும் பேச்சு ஒன்றுதான்: "நெட்டுக்காரர் இன்னும் வரலைங்க, அதுவரைக்கும் போன்லயே போட்டுக் கொடுத்துடுங்க." சென்ற ஆண்டு கொடுங்கையூருக்கு வீடு மாறியபோது நானும் பதினொரு நாள் இப்படித்தான் ஓட்டினேன். கேட்டவர்களுக்குச் சொன்னதும் அந்தப் பதினொரு நாளில் நானே பட்டதும் கீழே இருக்கின்றன.

"தினம் 2 ஜிபி இருக்குதே அண்ணா, ஒரு படம் கூட முழுசா ஓட மாட்டேங்குது. எங்க போவுது?"

டிவிதான் குடித்துவிடுகிறது. போன் சின்னத் திரை, அதுவும் மொபைல் டேட்டாவில் ஓடுகிறோம் என்று அதற்குத் தெரியும். அதனால் கொஞ்சம் அடக்கி வாசிக்கும். டிவிக்கு உங்கள் ஹாட்ஸ்பாட்டும் வைஃபை, பக்கத்து வீட்டு பைபரும் வைஃபை. கிடைக்கிற வேகத்தில் எவ்வளவு தெளிவான படத்தை இழுக்க முடியுமோ அவ்வளவையும் இழுக்கும்.

மனக்கணக்காகவே போடலாம். 1 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 1 மெகாபிட், டேட்டா கணக்கின் எம்பியில் எட்டில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி செலவாகும். முழு எச்டி படம் ஏறக்குறைய 5 எம்பிபிஎஸ் கேட்கும் என்று வையுங்கள். மணிக்கு இரண்டேகால் ஜிபி ஆகிறது. உங்கள் 2 ஜிபி ஐம்பத்து மூன்று நிமிடத்தில் காலி, இடைவேளை வருவதற்குள் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். அதே படத்தை 480பி தரத்தில், சுமார் 1 எம்பிபிஎஸ்ஸில் பார்த்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆப்புக்கு ஆப், படத்துக்குப் படம் இது கொஞ்சம் ஏறி இறங்கும். கிரிக்கெட், சண்டைக் காட்சி மாதிரி திரை முழுக்க அசைந்துகொண்டே இருப்பவை கூடுதலாகக் கேட்கும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

ஒரு டி20 ஆட்டம் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 480பியில் ஒன்றரை ஜிபிக்குச் சற்று மேல் ஆகும், ஒரு நாள் டேட்டாவுக்குள் ஒருவாறு அடங்கிவிடும். தரத்தை ஒரு படி ஏற்றி 720பி வைத்தால் கிட்டத்தட்ட 4 ஜிபி. டாஸ் போட்டதிலிருந்து பார்த்துவிட்டு இரண்டாவது இன்னிங்ஸை ஸ்கோர் கார்டில் பார்க்க வேண்டியதுதான்.

"480பி வச்சா டிவியில மங்கலா தெரியாதா?"

தெரியும். 43 இன்ச் டிவியை ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் எழுத்துகளின் ஓரம் பிசிறும். சீரியலுக்கும் குழந்தைகளின் கார்ட்டூனுக்கும் எங்கள் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. புதுப் படம் என்றால் எனக்கே கொஞ்சம் உறுத்தியது, ஒப்புக்கொள்கிறேன். பாதியில் நிற்கிற தெளிவான படமா, முழுசாக ஓடுகிற மங்கல் படமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

"சரி, தரத்தை எங்க போய் குறைக்கணும்? டிவி செட்டிங்ஸ்ல தேடினா கிடைக்கல."

பெரும்பாலும் டிவி செட்டிங்ஸில் இருக்காது, ஒவ்வொரு ஆப்பிலும் தனித்தனியாக இருக்கும். யூடியூபில் வீடியோ ஓடும்போது ரிமோட்டில் பட்டன்களை வரவழைத்து, பல்சக்கரம் போன்ற குறியைத் தட்டி, Quality என்ற இடத்தில் 480p வையுங்கள். அடுத்த வீடியோவுக்குப் போனதும் அது பழையபடி Auto ஆகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இதில்தான் ஏமாறுகிறோம். அப்படியே Autoplay-யையும் அணைத்துவிடுங்கள். பாட்டி தூங்கிப்போன பிறகும் சமையல் வீடியோ ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, காலையில் பார்த்தால் டேட்டா தீர்ந்துவிட்டது என்று தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் சொன்னார்கள்.

நெட்பிளிக்ஸில் டிவியில் தேடிப் பயனில்லை. போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரில் netflix.com/account போய், உங்கள் ப்ரொபைலுக்குள் Playback settings திறந்தால் Low, Medium, High, Auto என்று இருக்கும். Low என்றால் மணிக்கு 0.3 ஜிபி வரை, Medium என்றால் 0.7 ஜிபி வரை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். Medium போதும். மாற்றியது டிவிக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். அதனால் ராத்திரி படம் பார்ப்பதற்குக் காலையிலேயே மாற்றிவிடுங்கள். இது ப்ரொபைலுக்கு ப்ரொபைல் தனி என்பதையும் மறக்க வேண்டாம். அப்பா ப்ரொபைலில் மாற்றினால் பிள்ளையின் ப்ரொபைல் மாறாது.

கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி வகைகளில் சிலவற்றில் Network & Internet பகுதிக்குள் Data Saver என்று ஒன்று இருக்கும். நம் ஊரில் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்ப்பவர்களை மனதில் வைத்தே கூகுள் இதைக் கொண்டுவந்தது. இருந்தால் போட்டுவிடுங்கள், பெரும் உதவி.

"போன்ல ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணிட்டேன். டிவியில பேரே காட்ட மாட்டேங்குது சார்."

அநேகமாக போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது, உங்கள் டிவிக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். விலை குறைந்த டிவிகளில் பல இப்படித்தான். ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் போய் Band என்ற இடத்தில் 2.4 GHz வையுங்கள். சில போன்களில் இது Extend compatibility என்ற பெயரில் இருக்கும். ஐபோனில் Personal Hotspot பக்கத்தில் Maximize Compatibility என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட்டால் சரியாகிவிடும். 2.4-இல் வேகம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம். நமக்கு வேண்டிய 1, 2 எம்பிபிஎஸ்ஸுக்கு அது தாராளம்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் சேர மறுக்கிறது என்றால் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். WPA3 என்று இருந்தால் பழைய டிவி திணறும். WPA2-Personal என்று மாற்றுங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெயரில் இருக்கும் மேற்கோள் குறி, பொம்மைக் குறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாலு ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதும் நல்லது.

"டிவி பக்கத்துலயே போனை வச்சிருக்கேன், டவர் கோடும் ரெண்டு காட்டுது. அப்பவும் சுத்திக்கிட்டே இருக்குது."

பக்கத்தில் வைப்பதுதான் தப்பு. நான் போகிற பத்து வீட்டில் எட்டு வீட்டில் போனை டிவிக்குப் பின்னாலோ டிவி ஸ்டாண்டு மேலேயோ சொருகி வைத்திருப்பார்கள். படம் வருகிற வழியில் இரண்டு தாவல் இருக்கிறது. டவரிலிருந்து போனுக்கு ஒன்று, போனிலிருந்து டிவிக்கு ஒன்று. இரண்டாவது தாவல் எளிது. நடுவில் ஒரு சுவர் இருந்தாலும் பதினைந்து, இருபது அடி தாண்டிவிடும். இடறுவது முதல் தாவலில்தான். அதனால் போன் இருக்க வேண்டிய இடம் டவர் நன்றாகக் கிடைக்கும் இடம்: ஜன்னல், பால்கனி, வாசல்.

நம் பக்கத்து வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் இருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் ஒன்றரைச் செங்கல் சுவர், வாசலில் இருந்து உள்ளே நீண்டுகொண்டே போகும் ரயில் பெட்டி மாதிரி அறைகள். நடு அறையில் டிவி இருக்கும், அங்கே டவர் செத்துக் கிடக்கும். காசிமேடு பக்கம் தகரக் கூரை போட்ட மாடியறைகளும் அப்படித்தான், தகரம் மேலிருந்து வருவதைத் தடுத்துவிடும்.

எங்கள் கொடுங்கையூர் வீட்டில் நான் அளந்ததைச் சொல்கிறேன். டிவிக்குப் பின்னால் போனை வைத்து fast.com போட்டு வேகம் பார்த்தேன், 1.8 எம்பிபிஎஸ் காட்டியது. அதே போனை சமையலறை ஜன்னல் கட்டையில் வைத்ததும் 14. இப்போது டிவியில் இருந்த பிரவுசரில் அதே fast.com போட்டுப் பார்த்தேன், 11. அதாவது முழு ஹால் தாண்டி டிவிக்குப் போகிற வழியில் போனது வெறும் 3. போனை டிவிக்குப் பின்னால் வைத்ததில் போனதோ 12. இந்த இரண்டு அளவையும் எடுத்துவிட்டால் குறை எந்தத் தாவலில் என்று பட்டெனத் தெரிந்துவிடும். போனில் வேகம் இருந்து டிவியில் இல்லை என்றால் போனைக் கொஞ்சம் டிவி பக்கம் நகர்த்துங்கள். போனிலேயே இல்லை என்றால் ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். இந்தச் சோதனையும் டேட்டா தின்னும், அதனால் திரும்பத் திரும்பப் போட்டு விளையாட வேண்டாம்.

கோடுகளை நம்பாமல் எண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் About phone வழியாக SIM status போங்கள். Signal strength என்று dBm-இல் ஒரு எண் இருக்கும், அது கழித்தல் எண். எங்கள் வீட்டில் டிவிக்குப் பின்னால் -113, ஜன்னலில் -96. பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -110 தாண்டிவிட்டால் அந்த இடத்தில் போனை வைத்துப் பயனில்லை.

"எங்க வீட்டுல டவர் ஃபுல்லு. காலைல பறக்குது, ராத்திரி 9 மணிக்கு மட்டும் படுத்துடுது. ஏன்?"

கோடு காட்டுவது டவரின் சத்தம் உங்கள் காதில் எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான். டவர் முன்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை அது சொல்லாது. வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் ராத்திரி எட்டு முதல் பதினொரு மணி வரை ஒரே டவரை ஆயிரக்கணக்கான போன்கள் பங்கு போடுகின்றன. எங்கள் ஜன்னலில் காலையில் 14 வந்தது, ராத்திரி ஒன்பதுக்கு 4 ஆனது. 480பிக்கு அதுவே போதும் என்பதால் தப்பித்தோம். எச்டியில் விட்டிருந்தால் சுற்றியிருக்கும்.

அதற்கும் கீழே இறங்கினால் போனை எந்த ஜன்னலில் வைத்தும் பயனில்லை. வீட்டில் வேறு கம்பெனி சிம் இருந்தால் அதில் ஒருமுறை அளந்து பாருங்கள், நெரிசல் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அப்புறம், மழை நேரத்தில் பைபர் போய் தெருவே ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவும்போது இதே நெரிசல் பட்டப்பகலில் வரும். அன்றைக்கு டிவியை மறந்துவிட்டு கேரம் போர்டை எடுப்பதே மேல்.

"என்னுதுதான் அன்லிமிட்டட் 5ஜி ஆச்சே, நான் ஏன் கணக்கு பாக்கணும்?"

போன் உண்மையிலேயே 5ஜியில் நிற்கும் வரை மட்டும் அது அன்லிமிட்டட். சிக்னல் தளர்ந்து 4ஜிக்கு இறங்கிய நொடியில் இருந்து உங்கள் தினசரி 2 ஜிபியில் கழியும். டிவி எந்த அறிவிப்பும் கொடுக்காது, போனைப் பார்த்தால்தான் தெரியும். உள்ளறையில் 5ஜி வந்து வந்து போகிற வீடுகளில் இதுதான் நடக்கிறது. "அன்லிமிட்டட்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அவர் போனை பீரோ மேல் வைத்திருந்தார், மேலே 4ஜி என்று எழுதியிருந்தது. ஜன்னலுக்கு மாற்றியதும் 5ஜி நின்றது, சண்டையும் நின்றது. உங்கள் திட்டத்தின் நிபந்தனையில் ஹாட்ஸ்பாட் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

"டேட்டா தீந்தா என்ன, வேகம் கம்மியா ஓடும், அவ்ளோதானே?"

ஓடாது. தீர்ந்த பிறகு பெரும்பாலான திட்டங்களில் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். 480பிக்கு வேண்டியதில் பதினைந்தில் ஒரு பங்கு கூட இல்லை. டிவி போனால் போகட்டும். கடையில் ஸ்கேன் செய்து பால் பாக்கெட்டுக்குப் பணம் போடுவதற்கே திணறும், அதுதான் உண்மையான தொல்லை. பல போன்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு என்று தனியாக டேட்டா வரம்பு வைக்க வழி இருக்கிறது. நான் 1.5 ஜிபி வைத்தேன். அது தீர்ந்ததும் ஹாட்ஸ்பாட் மட்டும் அணையும், போனுக்கு அரை ஜிபி மிஞ்சும்.

"உங்க வீட்டுல பதினோரு நாளும் எப்படிப் பிரிச்சீங்க?"

முதல் நாள் ஒன்றும் பிரிக்கவில்லை. எட்டு மணிக்கு வீட்டம்மா சீரியல் போட்டார், எட்டு ஐம்பதுக்கு நின்றது. ஊருக்கெல்லாம் டிவி மாட்டுகிறவர் வீட்டு லட்சணம் என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் எல்லாவற்றையும் 480பிக்குக் கொண்டுவந்தேன். சீரியல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம், அரை ஜிபி. பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் கார்ட்டூன், 0.7 ஜிபி. ஆக 1.2. ஹாட்ஸ்பாட் வரம்பில் 0.3 மிஞ்சியது, அதில் நான் செய்தி பார்த்தேன். ஆனாலும் மூன்றாம் நாள் யாரும் டிவி போடாமலேயே 400 எம்பி போயிருந்தது. டிவி ஸ்டாண்ட்பையில் இருந்தபடியே ஆப்களை அப்டேட் செய்திருக்கிறது. டிவியின் ப்ளே ஸ்டோரில் Auto-update apps என்பதை அணைத்தேன். பார்த்து முடித்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைப்பதை வீட்டில் எல்லாருக்கும் பழக்கினேன். இரண்டாவதுதான் உண்மையில் வேலை செய்தது, டிவி என்ன தந்திரம் செய்தாலும் குழாயே மூடியிருந்தால் தண்ணீர் வராதே.

ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு வீட்டம்மாவின் 1.5 ஜிபி போனையும் சேர்த்துக்கொண்டோம். முதல் இன்னிங்ஸ் அவர் போனில், இரண்டாவது என் போனில். டிவியில் இரண்டு ஹாட்ஸ்பாட்டையும் முன்பே சேர்த்து வைத்திருந்ததால் நடுவில் மாற்றுவது ஒரு நிமிட வேலை.

"போன் வந்தா படம் நின்னுடுது. அதுவும் எங்க அம்மா கூப்பிட்டா மட்டும்."

அம்மா உங்கள் இரண்டாவது சிம்முக்குக் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். இரட்டை சிம் போன்கள் பலவற்றில் ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். அழைப்பின்போது டேட்டாவை அந்த சிம்முக்கே மாற்றும் வசதி சில போன்களில் உண்டு. அந்த சிம்மிலும் டேட்டா இருந்தால்தான் அதனால் பயன். எளிய வழி, வீட்டில் கிடக்கும் பழைய போன் ஒன்றில் டேட்டா சிம்மைப் போட்டு ஜன்னலில் நிரந்தரமாக வைத்துவிடுவது.

அப்படி வைக்கும்போது ஒன்று பாருங்கள். மேற்கு ஜன்னல் வெயிலில் சார்ஜும் போட்டு ஹாட்ஸ்பாட்டும் ஓட்டினால் போன் கொதிக்கும், சூடு ஏறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது அணைந்துவிடும். கவரைக் கழற்றி நிழலான பக்கம் வையுங்கள். தலையணை மேல் வைக்கவே வேண்டாம்.

"போன்ல ஓடுற ஆப் டிவியில பணம் கட்டச் சொல்லுது. ஹாட்ஸ்பாட்னாலயா?"

இல்லை, சந்தாவினால். நெட்பிளிக்ஸின் மொபைல் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான். ரீசார்ஜோடு சேர்ந்து வரும் சந்தாக்கள் பலவும் மொபைலுக்கு மட்டுமே.

"போன்லேர்ந்து காஸ்ட் பண்ணா டேட்டா மிச்சமாகுமா?"

காஸ்ட் குறியைத் தட்டினால் ஆகாது. போன் வெறும் ரிமோட்டாக மாறிவிடும், படத்தை டிவியே நேரடியாக இழுக்கும், பழைய கணக்குதான். திரையை அப்படியே டிவிக்கு அனுப்புவது வேறு. அதில் போன் இழுக்கும் அளவுக்குத்தான் செலவு. ஆனால் பணம் கட்டிப் பார்க்கும் ஆப்கள் சில அந்த வழியில் கருப்புத் திரை காட்டும்.

"பைபர் வந்துடுச்சு. இப்ப ஏதாவது மாத்தணுமா?"

இரண்டு விஷயம். டிவியில் சேர்த்து வைத்த ஹாட்ஸ்பாட்டை Forget செய்யுங்கள். இல்லையென்றால் பைபர் ஒருநாள் தடங்கும்போது டிவி சத்தமில்லாமல் உங்கள் போனில் தொற்றிக்கொள்ளும். அப்புறம் நெட்பிளிக்ஸை Auto-வுக்கும், டிவியின் Data Saver-ஐ அணைத்தும் வையுங்கள். பைபர் போட்டு மூன்று மாதம் கழித்து "டிவி பேனல் மங்கிடுச்சுங்க, வாரண்டி இருக்குதா" என்று ஒருவர் கூப்பிட்டார். திருவொற்றியூர் வரை வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், நான் வைத்துவிட்டு வந்த Medium அப்படியே இருந்தது.